தொட்டி காலியாகும் கணக்கு: ஒரு சாய்வா, இரண்டு சாய்வா?

மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் அடித்திறப்பைத் திறந்துவிட்டால் முதலில் நீர் சீறிக்கொண்டு வரும். மட்டம் இறங்க இறங்கச் சீற்றம் தணியும். அடியில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும்போது நூல்போல ஒழுகும். இப்போது ஒரு கேள்வி. தொட்டியில் 100 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. திறந்த கணத்தில் மட்டம் நிமிடத்துக்கு 4 சென்டிமீட்டர் வீதம் இறங்குகிறது. 20 நிமிடம் கழித்து எவ்வளவு உயரம் மிஞ்சியிருக்கும்?

நாலு இருபது எண்பது, ஆகவே மிச்சம் 20 என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அது தவறு. அந்த 4 சென்டிமீட்டர் வேகம் முதல் கணத்துக்கு மட்டும் உரியது. அடுத்த கணமே மட்டம் குறைந்திருக்கும், வேகமும் குறைந்திருக்கும். வேகம் மட்டத்தைப் பொறுத்தது. மட்டமோ இதுவரை இருந்த வேகத்தைப் பொறுத்தது. ஒன்றையொன்று துரத்தும் இந்த உறவைத்தான் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு என்கிறோம். அதைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு படிப்படியாகத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது லியோனார்ட் ஆய்லர் பெயரால் வழங்கும் எளிய படி முறை. மற்றது அதன்மேல் ஒரே ஒரு திருத்தம் செய்த சராசரிச் சாய்வு முறை; பாடநூல்களில் இதை மேம்படுத்திய ஆய்லர் முறை என்றும் ஹாய்ன் முறை என்றும் காணலாம். இந்தத் தொட்டியை வைத்தே இரண்டையும் போட்டுப் பார்ப்போம்.

முதலில் விதி. தொட்டியின் அடியில் உள்ள துளை வழியே நீர் பாயும் வேகம், மேலே நிற்கும் நீரின் உயரத்துக்கு அல்ல, அந்த உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இத்தாலியர் எவாஞ்சலிஸ்டா டோரிசெல்லி 1644-இல் வெளியிட்ட உண்மை இது. உயரம் கால் பங்கானால் வேகம் பாதியாகும். நம் தொட்டிக்கு இப்படி எழுதலாம்:

மட்டம் இறங்கும் வேகம் = 0.4 × √மட்டம்

மட்டம் சென்டிமீட்டரில், நேரம் நிமிடத்தில். 100-இன் வர்க்கமூலம் 10, அதை 0.4-ஆல் பெருக்கினால் 4. தொடக்க வேகம் அதுதான். இந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஏறக்குறைய 110 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் விட்டத் துளை இருந்தால், துளையில் நீர்த்தாரை சற்றுக் குறுகிப் பாய்வதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், இதையொட்டிய எண் வரும். ஆயிரம் லிட்டர் தொட்டிக்குப் பொருந்தும் அளவுதான். நீண்ட குழாய் இணைத்திருந்தால் உராய்வு புகுந்து விதியே மாறிவிடும்; அதனால் துளை தொட்டியின் அடியிலேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நேரத்தைக் கிடைக்கோட்டிலும் மட்டத்தைக் குத்துக்கோட்டிலும் வைத்து வரைந்தால், இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். எந்தப் புள்ளியிலும் அந்தக் கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதே அந்தக் கணத்தின் சாய்வு. மட்டம் குறைவதால் சாய்வு எதிர்மறை எண். தொடக்கத்தில் அது −4.

எளிய முறைக்கு வருவோம். ஆய்லர் இதை 1768-இல் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியான தமது தொகைநுண்கணித நூலின் முதல் தொகுதியில் விளக்கியிருக்கிறார். நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உள்ள சாய்வைக் கண்டுபிடி. துண்டு முடியும்வரை அந்தச் சாய்வு மாறாது என்று வைத்துக்கொண்டு நேர்கோட்டில் போ. அங்கே நின்று மறுபடி சாய்வைக் கண்டுபிடி. இவ்வளவுதான்.

படியின் நீளம் 10 நிமிடம் என்று வைப்போம். முதல் படியில் சாய்வு −4, பத்து நிமிடத்தில் 40 சென்டிமீட்டர் இறங்கும், மட்டம் 60. இரண்டாம் படிக்கு 60-இன் வர்க்கமூலம் வேண்டும். கால்குலேட்டர் இல்லாமலும் இதைக் காணலாம். 7.75 என்று ஊகித்து, 60-ஐ அதனால் வகுத்தால் 7.742 வரும், இரண்டுக்கும் நடுவே 7.746. மூன்று தசம இடங்களுக்கு அதுவே சரியான விடை. 0.4-ஆல் பெருக்க 3.098. பத்து நிமிடத்தில் 30.98 சென்டிமீட்டர் இறங்கி, 20-ஆம் நிமிட முடிவில் மட்டம் 29.02 என்று எளிய முறை சொல்கிறது.

உண்மை என்ன? இந்தக் கணக்கை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, இதன் உண்மை விடை மனக்கணக்காகவே கிடைத்துவிடும் என்பதுதான். வேகம் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும்போது, மட்டத்தின் வர்க்கமூலம் ஒரே சீராகக் குறைகிறது. இங்கே நிமிடத்துக்கு 0.2, அதாவது 0.4-இல் பாதி. 10-இல் தொடங்கும் வர்க்கமூலம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 8, 6, 4, 2, 0 என்று இறங்கும். ஆகவே மட்டம் 100, 64, 36, 16, 4, 0. சரியாக 50-ஆம் நிமிடம் தொட்டி காலி.

20-ஆம் நிமிடத்தில் 36 இருக்க வேண்டிய இடத்தில் எளிய முறை 29.02 காட்டுகிறது. ஏழு சென்டிமீட்டர் குறைவு. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நீர் மிக வேகமாகப் பாய்வது அதன் தொடக்கத்தில்தான். எளிய முறையோ அந்த உச்ச வேகத்தையே துண்டு முழுவதற்கும் நீட்டிவிடுகிறது. அதனால் எப்போதும் உண்மையைவிட அதிகமாகத் தண்ணீரை இறக்கிவிடுகிறது. பிழை ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று விழுந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும். இங்கே எல்லாப் பிழையும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது.

சரி, தொடக்கச் சாய்வு அளவுக்கு மீறிச் செங்குத்தானது என்றால் இறுதிச் சாய்வை எடுக்கலாமே? அது அளவுக்கு மீறித் தட்டையாக இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுநிலை வரும். சராசரிச் சாய்வு முறையின் எண்ணம் முழுவதும் இந்த ஒரு வரிதான். இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. இறுதிச் சாய்வைக் காண இறுதி மட்டம் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பாடும்? இங்கேதான் எளிய முறை கைகொடுக்கிறது. அது தரும் மட்டத்தை விடையாக ஏற்காமல், ஒரு முன்கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அந்த இடத்தில் சாய்வு என்னவாக இருக்கும் என்று பார்த்துவிட்டு, தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி வந்து, சராசரிச் சாய்வோடு மறுபடி நடக்கிறோம்.

திரும்பி வருவதை மாணவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். முன்கணித்த புள்ளியிலிருந்து மேலே போய்விடுகிறார்கள். அந்தப் புள்ளி சாய்வைத் தெரிந்துகொள்ள மட்டுமே. சாய்வு கிடைத்ததும் அதைக் கைவிட்டுவிட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். தொடக்கச் சாய்வு −4. முன்கணிப்பு 60. அங்கே சாய்வு −3.098. இரண்டின் சராசரி −3.549. 100-இலிருந்து, மறுபடி சொல்கிறேன், 60-இலிருந்து அல்ல, 100-இலிருந்து 35.49 இறங்கினால் 64.51. உண்மை 64. எளிய முறை 4 சென்டிமீட்டர் தவறிய இடத்தில் இது அரை சென்டிமீட்டர்தான் தவறுகிறது.

இரண்டாம் படி. 64.508-இன் வர்க்கமூலம் 8.032, சாய்வு −3.213. முன்கணிப்பு 32.38. அதன் வர்க்கமூலம் 5.690, அங்கே சாய்வு −2.276. சராசரி −2.744. ஆக மட்டம் 64.508-இலிருந்து 27.44 இறங்கி 37.06. உண்மை 36. இடையில் வரும் எண்களை மூன்று தசமங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தசமத்துக்குச் சுருக்கிக்கொண்டே போனால், முறையின் பிழை எது, நம் சுருக்கலின் பிழை எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

இப்போது ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சராசரி முறையில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு முறை சாய்வு கண்டோம்; இரட்டிப்பு உழைப்பு. அதே உழைப்பை எளிய முறைக்குக் கொடுத்தால் அதுவும் தேறிவிடாதா? கொடுத்துப் பார்ப்போம். படியை 5 நிமிடமாகக் குறைத்தால் 20 நிமிடத்துக்கு நான்கு படி, நான்கு சாய்வு. சராசரி முறையின் இரண்டு பெரிய படிகளுக்கு ஆனதும் அதே நான்கு சாய்வுதான். எளிய முறையில் மட்டம் 80, 62.11, 46.35, 32.73 என்று இறங்குகிறது. உண்மை 81, 64, 49, 36. கடைசிப் பிழை 3.27. சம உழைப்பில் சராசரி முறையின் பிழை 1.06. மூன்றில் ஒரு பங்கு.

வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிவது, சராசரி முறையின் படியையும் 5 நிமிடமாகக் குறைக்கும்போதுதான். அப்போது மட்டங்கள் 81.06, 64.11, 49.17, 36.23. பிழை 0.23. படியைப் பாதியாக்கியதால் எளிய முறையின் பிழை 6.98-இலிருந்து 3.27-க்கு, ஏறக்குறைய பாதியாக இறங்கியது. சராசரி முறையின் பிழையோ 1.06-இலிருந்து 0.23-க்கு, கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இது தற்செயல் அல்ல. எளிய முறையின் மொத்தப் பிழை படி நீளத்துக்கு நேர்விகிதத்தில் குறையும். சராசரி முறையின் பிழை படி நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் குறையும். படியைப் பத்தில் ஒன்றாக்கினால் முதலாவதில் பிழை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும், இரண்டாவதில் நூறில் ஒன்றாகும். 0.23 என்ற துல்லியத்தை எளிய முறையில் எட்ட வேண்டுமானால், அதே 20 நிமிடத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகளாக வெட்ட வேண்டியிருக்கும். ஐம்பது வர்க்கமூலம்! சராசரி முறைக்கு எட்டு போதும்.

சராசரி முறை ஏன் சற்று அதிகமாகக் காட்டுகிறது என்ற கேள்விக்கு இந்தத் தொட்டி மிக அழகான பதில் வைத்திருக்கிறது. முதல் படியின் உண்மையான இரு முனைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்: மட்டம் 100, மட்டம் 64. சாய்வுகள் −4, −3.2. சராசரி −3.6. பத்து நிமிடத்துக்கு 36 இறக்கம். விடை சரியாக 64! அதாவது சராசரி எடுப்பதில் எந்தப் பிழையும் இல்லை. இந்தத் தொட்டியில் வேகம் நேரத்தோடு ஒரே சீராகக் குறைவதால், இரு முனை வேகங்களின் சராசரிதான் உண்மையான சராசரி வேகம். அப்படியானால் 64.51-இல் உள்ள அந்த அரை சென்டிமீட்டர் பிழை எங்கிருந்து வந்தது? முழுக்க முழுக்க முன்கணிப்பிலிருந்து. 64-ஆக இருக்க வேண்டிய இடத்தை 60 என்று முன்கணித்தோம். மட்டம் குறைவாகத் தெரிந்ததால் அங்கே வேகமும் குறைவாகத் தெரிந்தது. சராசரி வேகம் கொஞ்சம் மந்தமாகி, தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சியது. எளிய முறை கீழே தவறியதால்தான் சராசரி முறை மேலே தவறுகிறது. நான்கு சென்டிமீட்டர் தவறு, சாய்வின் வழியாகச் சென்று சேரும்போது அரை சென்டிமீட்டராகச் சிறுத்துவிடுகிறது என்பதுதான் இந்த முறையின் பலம்.

இதை உணர்ந்தால் அடுத்த யோசனை தானாக வரும். 64.51 என்பது 60-ஐவிட நல்ல முன்கணிப்பு அல்லவா? அதையே மறுபடி உள்ளே போட்டால்? சாய்வு −3.213, −4-உடன் சராசரி −3.606, மட்டம் 63.94. இன்னொரு முறை போட்டால் 64.01. விடை 64-ஐச் சுற்றி மேலும் கீழுமாக ஆடி, சீக்கிரமே அதில் அடங்கிவிடும். சில பாடநூல்கள் இப்படித் திரும்பத் திரும்பத் திருத்துவதையே ‘மாடிஃபைடு ஆய்லர்’ என்கின்றன. வேறு சில, துண்டின் நடுப்புள்ளிச் சாய்வை எடுக்கும் இன்னொரு முறைக்கு அதே பெயரைத் தருகின்றன. தேர்வு எழுதும் மாணவர்கள் பெயரை நம்பாமல், தங்கள் பாடத்திட்டத்தில் உள்ள சூத்திரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. திரும்பத் திருத்துவதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் தொட்டியில் அது உண்மை விடைக்கே போய்ச் சேர்கிறது. சாய்வு நேரத்தோடு வளைந்து வளைந்து மாறும் கணக்குகளில் இரு முனைச் சராசரிக்கே ஒரு பிழை இருக்கும். எத்தனை முறை திருத்தினாலும் அது போகாது. அங்கே திருத்திக்கொண்டே இருப்பதைவிடப் படியைச் சிறிதாக்குவதே மேல்.

இதுவரை நல்லபடியாகப் போன இடங்களை மட்டுமே பார்த்தோம். 10 நிமிடப் படியோடு இன்னும் கீழே இறங்கினால் கதை மாறுகிறது.

| நிமிடம் | உண்மை | எளிய முறை | சராசரி முறை |
|---|---|---|---|
| 0 | 100 | 100 | 100 |
| 10 | 64 | 60.00 | 64.51 |
| 20 | 36 | 29.02 | 37.06 |
| 30 | 16 | 7.47 | 17.76 |
| 40 | 4 | −3.46 | 7.43 |

எளிய முறை 40-ஆம் நிமிடத்தில் தண்ணீர் மட்டத்தைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டது. இது கேலிக்கூத்தான விடை என்று பார்த்தவுடன் தெரிவதால் ஆபத்தில்லை. சராசரி முறையின் 7.43 தான் உண்மையில் ஏமாற்றக்கூடியது. பார்க்க நியாயமான எண்ணாக இருக்கிறது. ஆனால் உண்மை 4. கிட்டத்தட்ட இரு மடங்கு. அடுத்த படிக்குப் போனால் அதுவும் உடைந்துவிடும். 7.43-இல் சாய்வு −1.090, பத்து நிமிடத்துக்கு நீட்டினால் முன்கணிப்பு −3.47. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் ஏது? இரண்டாம் சாய்வைக் காணவே வழியில்லை. கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

காரணம் வர்க்கமூலத்தின் குணத்தில் இருக்கிறது. மட்டம் 100 அருகே இருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே போனாலும் வேகம் பெரிதாக மாறாது. மட்டம் 4, 1 என்று வரும்போது ஒரு சென்டிமீட்டருக்கே வேகம் தடாலென்று மாறும். 4-இலிருந்து 1-க்கு இறங்கினால் வேகம் பாதியாகிவிடுகிறது. சாய்வு இப்படி அவசரமாக மாறும் இடத்தில் பத்து நிமிடத்துக்கு இரண்டே சாய்வைப் பார்ப்பது போதாது. தொட்டி நிறைந்திருக்கும்போது பெரிய படி, அடியை நெருங்க நெருங்கச் சிறிய படி என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கைக்கணக்கில் இதற்குத் தடையே இல்லை. எல்லாப் படியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஆனால் உண்மை விடை தெரியாத கணக்கில், படி பெரிதாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சராசரி முறை அதற்கான அறிகுறியைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு சாய்வுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் படியில் −4, −3.098. இரண்டும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. நான்காம் படியில் −1.686, −0.380. இரண்டாவது முதலாவதின் கால் பங்குகூட இல்லை. முன்கணிப்பு 0.90, திருத்திய விடை 7.43; இருக்கும் தண்ணீரே 17.76 சென்டிமீட்டர்தான் என்னும்போது இவ்வளவு இடைவெளி வந்தால் அந்தப் படியை நம்பவே கூடாது. அடித்துவிட்டுப் பாதி நீளத்தில் மறுபடி போட வேண்டும். எளிய முறையில் இந்த எச்சரிக்கை மணி கிடையாது. அது ஒரே ஒரு சாய்வைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். துல்லியத்தைவிட இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சராசரி முறையின் பக்கம் நிற்பேன்.

இன்னொரு சோதனை, முழுக் கணக்கையும் இரண்டு படி நீளங்களில் போடுவது. 20-ஆம் நிமிடத்துக்கு 10 நிமிடப் படியில் 37.06, 5 நிமிடப் படியில் 36.23 கிடைத்தது. வித்தியாசம் 0.83. படியைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகும் என்று பார்த்தோம். பழைய பிழை நான்கு பங்கு, புதிய பிழை ஒரு பங்கு என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று பங்கு. ஆகவே 0.83-ஐ 3-ஆல் வகுத்தால் வரும் 0.28 தான் 36.23-இல் எஞ்சியிருக்கும் பிழையின் தோராய அளவு. அதைக் கழித்தால் 35.95. உண்மை விடையை எட்டிப் பார்க்காமலே, நம் இரண்டு தவறான விடைகளிலிருந்து 36-க்கு அரை மில்லிமீட்டர் அருகே வந்துவிட்டோம். முதல் தடவை இதைக் கையால் போட்டுப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உண்மை விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு, தொட்டியில் ஒரு சிறு மாற்றம் செய்து காட்டுகிறேன். கீழே திறப்பு திறந்திருக்கும்போதே மேலே மோட்டார் ஓடுகிறது. அது நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர் மட்டத்தை ஏற்றுகிறது என்று வைப்போம். சாய்வு இப்போது 2 − 0.4 × √மட்டம். இந்த ஒரு எண் சேர்ந்ததும், எந்த நிமிடத்தில் எவ்வளவு மட்டம் என்று நேராக எழுதித் தரும் எளிய சூத்திரம் கைவிட்டுப் போய்விடுகிறது. வர்க்கமூலம் சீராகக் குறையும் அழகும் இல்லை. ஆனால் நம் முறைக்கு எதுவும் மாறவில்லை. தொடக்கச் சாய்வு −2, முன்கணிப்பு 80, அங்கே வர்க்கமூலம் 8.944, சாய்வு −1.578; சராசரி −1.789, மட்டம் 82.11. அதே நான்கு வரி. போகப் போக மட்டம் 25-ஐ நோக்கி இறங்கி அங்கே நிலைத்துவிடும். ஏனென்றால் 25-இன் வர்க்கமூலம் 5, அதை 0.4-ஆல் பெருக்கினால் 2, வருவதும் போவதும் சமம். படிப்படியாகப் போடும் கணக்கு 25-க்குக் கீழே இறங்கினால் எங்கோ பிழை என்று இதை வைத்தே பிடித்துவிடலாம். தொட்டி உருளையாக இல்லாமல் புனல் வடிவில் இருந்தாலும், திறப்பைப் பாதியில் மூடினாலும், சாய்வைத் தரும் வரியை மட்டும் மாற்றினால் போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட சாய்வுகளைப் பார்க்கும் எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் வளர்ந்தது. கார்ல் ரூங்கே 1895-இல் எழுதிய கட்டுரையில் அது தொடங்குகிறது. கார்ல் ஹாய்ன் 1900-இல் அதை விரிவாக்கினார். மார்ட்டின் வில்ஹெல்ம் குட்டா 1901-இல் மேலும் கொண்டுபோனார். இன்று பொறியியல் மாணவர்கள் படிக்கும் நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறை, ஒவ்வொரு படியிலும் நான்கு சாய்வுகளைக் கண்டு, நடுவில் உள்ள இரண்டுக்கும் இரட்டை மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுக்கிறது. நாம் செய்த இரண்டு சாய்வுக் கணக்கு கையில் படிந்தவர்களுக்கு அந்த நான்கு சாய்வுச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே வராது.

கல்லூரிகளில் இதைச் சொல்லித் தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பல வகுப்புகளில் சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, நான்கு தசமத்துக்கு விடை எடுத்து முடித்துவிடுகிறோம். விடையின் பிழை எவ்வளவு, எந்தத் திசையில், எதனால் என்று மாணவர் கேட்க இடமே இருப்பதில்லை. ஒரே கணக்கை இரண்டு முறையிலும், இரண்டு படி நீளத்திலும் போடச் சொல்லுங்கள். வர்க்கமூலம் சில கூடும், அவ்வளவுதான்.

வாசகர்கள் தாளை எடுத்துக்கொள்ளலாம். அதே 0.4, ஆனால் மட்டம் 144 சென்டிமீட்டர், படி 10 நிமிடம். முதல் படியின் முடிவில் எளிய முறை 96 தர வேண்டும்; சராசரி முறை 100.40 தர வேண்டும். உண்மை விடை 100. உங்களுக்கு 100.40-க்குப் பதிலாக 52.40 வந்திருந்தால், முன்கணித்த 96-இலிருந்து நடந்திருக்கிறீர்கள்; 144-க்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்குங்கள்.